மாதம் 50,000 பென்ஷனுக்கு இப்போது மாதம் எவ்வளவு சேமிக்க வேண்டும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி லேத் பட்டறை

எனக்கு வயது 40. சொந்தப் பட்டறை, பி.எஃப். கிடையாது, பென்ஷனும் கிடையாது. 60 வயதில் கடையை மூடிவிட்டு மாதம் 50,000 ரூபாய் நிலையாக வர வேண்டும் என்பது என் எண்ணம். போன மாதம் ஒரு முகவர் பட்டறைக்கே வந்து, மாதம் 5,000 கட்டினால் போதும் என்று வழவழப்பான தாளில் அச்சடித்த அட்டவணையைக் காட்டினார். அதே வாரம் வங்கியில் விசாரித்தபோது அங்கிருந்த அதிகாரி, கையில் ஒரு கோடி இருக்க வேண்டும், அதற்கு மாதம் 19,000 போட வேண்டும் என்றார். 5,000 எங்கே, 19,000 எங்கே? இந்தக் கணக்கைப் போட்டு, சேர்த்து, இப்போது அதை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற அஞ்சல்காரர், நாகர்கோவில்

தம்பி, கணக்கு மிக எளிது. மாதம் 50,000 என்றால் வருடத்துக்கு 6 லட்சம். 7 சதவீத வட்டிக்கு 6 லட்சம் வர வேண்டுமானால் அசல் சுமார் 85.7 லட்சம் வேண்டும். அசலைத் தொடவே கூடாது, வட்டியில் மட்டும்தான் சாப்பிட வேண்டும். எங்கள் தலைமுறை அப்படித்தான் இருந்தது.

என் அனுபவம்: 2023-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பை 30 லட்சமாக உயர்த்தியதும் முழுத் தொகையையும் போட்டேன். 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 கணக்கில் விழுகிறது, மாதத்துக்கு 20,500 ஆகிறது. மனைவி பெயரிலும் அதேபோல் போட்டால் 41,000. இதைவிடப் பாதுகாப்பு எங்கும் இல்லை.

கணக்குப்பிள்ளை

காப்பீட்டுத் துறையில் இந்தக் கணக்குகளைப் போடுவதே என் வேலையாக இருந்தது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இது இரண்டு கட்டக் கணக்கு. பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலில் பின்னாலிருந்து வர வேண்டும்: 60 வயதில் எவ்வளவு இருந்தால் எத்தனை வருடத்துக்கு 50,000 எடுக்கலாம்? அந்தத் தொகை தெரிந்த பிறகுதான் மாதச் சேமிப்பு. அஞ்சல்காரர் ஐயா சொன்னது தவறில்லை, ஆனால் அது அசலைப் பிள்ளைகளுக்கு அப்படியே விட்டுப் போகிறவருக்கான கணக்கு. 60 முதல் 85 வரை, அதாவது 300 மாதம், வட்டியோடு அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வந்தால் 7 சதவீதத்தில் 70.74 லட்சம் போதும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இந்த இரண்டு வரிகளைப் போட்டுப் பாருங்கள்:

```
=PV(7%/12, 300, -50000)
=PMT(9%/12, 240, 0, -7074345)
```

முதல் வரி 70,74,345 என்று காட்டும். இரண்டாவது வரி, சேமிக்கும் 20 வருடமும் சராசரியாக 9 சதவீதம் கிடைத்தால் மாதம் 10,592 போட வேண்டும் என்று காட்டும். சேமிக்கும் காலத்திலும் 7 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 13,580 ஆகும். பட்டறைக்காரருக்கு நியாயமான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

முகவரின் 5,000 எப்படி வந்தது என்றும் போட்டுப் பார்த்தேன். அந்தத் தொகை 70.74 லட்சம் ஆக வேண்டுமானால் 20 வருடமும் சராசரியாக 14.6 சதவீதம் வளர வேண்டும். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் வளர்ச்சி விகிதம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வங்கி அதிகாரி 6 சதவீத வட்டியில் அசலைத் தொடாமல் வாங்குவதாக எடுத்துக்கொண்டதால்தான் ஒரு கோடி வந்தது. இரண்டு பேரும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு அனுமானத்தில் விடை சொல்லியிருக்கிறார்கள்.

கோவை மில் தொழிலாளி

என் கேள்வியும் இதுதான். நான் 17 வருடமாக பி.எஃப். கட்டுகிறேன். சம்பளம் 28,000. எனக்கு 50,000 பென்ஷன் வருமா?

கணக்குப்பிள்ளை

சகோதரரே, நீங்கள் கேட்பது வேறு திட்டம். பி.எஃப். அலுவலகம் தரும் பென்ஷன் நீங்கள் சேர்த்த தொகையை வைத்து வருவதில்லை. பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைப் பணி வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். பெரும்பாலானோருக்கு அந்தச் சம்பளம் 15,000 என்ற வரம்போடு நின்றுவிடும். 30 வருடம் வேலை செய்தாலும் சுமார் 6,400 தான். உங்கள் பி.எஃப். இருப்புத் தொகை தனி, அதை மேலே சொன்ன முதல் கட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

செவிலியர், தஞ்சாவூர்

கணக்கு எல்லாம் சரி. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு நிலையான பென்ஷன் திட்டம் வாங்கினார். மாதம் 6,000. அப்போது எங்கள் வீட்டு வாடகை 2,000, மீதியில் மளிகையும் பாலும் மருந்தும் போய்க் கையில் கொஞ்சம் மிஞ்சும். அப்பா போய்விட்டார், பென்ஷன் அம்மாவுக்கு வருகிறது. இன்றும் அதே 6,000 தான், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் அம்மாவின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் மட்டுமே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மருந்துக் கடை ரசீதைப் பார்த்துவிட்டு, ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று அம்மா என்னிடமே கேட்டார். மருத்துவமனையில் வேலை செய்கிற மகளிடம்!

திட்டத்தில் யாரும் ஏமாற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி கொடுக்கிறார்கள். ‘நிலையான’ தொகை என்று கேட்கிறவர்கள் 80 வயதில் அந்தத் தொகை என்ன வாங்கித் தரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை

இவர் தொட்டதுதான் இந்தக் கணக்கின் ஆழமான இடம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 20 வருடம் கழித்து வரும் 50,000 இன்றைய 15,600 ரூபாய்க்குச் சமம். அது முதல் மாதப் பென்ஷன். 80 வயதில் அதே 50,000 இன்றைய 4,900 ஆகியிருக்கும்.

பட்டறைக்காரர் மனத்தில் இருப்பது இன்றைய 50,000 என்றால், 60 வயதில் தேவைப்படுவது மாதம் 1,60,000. அதையும் 25 வருடம் ஏறாமல் வாங்குவதற்கே 2.27 கோடி வேண்டும், அதற்கு 9 சதவீதத்தில் மாதம் ஏறக்குறைய 34,000 சேமிக்க வேண்டும். பென்ஷனும் வருடா வருடம் ஏற வேண்டுமென்றால் தேவைப்படும் தொகை நான்கு கோடியைத் தாண்டுகிறது. இதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். இன்றைய செலவில் பிள்ளைகள் படிப்பும் கடன் தவணையும் இருக்கும், 60-இல் அவை இருக்காது. முதலில் அந்த வயதில் என்ன செலவு இருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

இன்னொன்று. பலர் 85-க்கு மேல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்கள். 25 வருடத்தை 30 வருடமாக்கினால் தேவை 70.74 லட்சத்திலிருந்து 75.15 லட்சமாகத்தான் ஏறுகிறது, மாதச் சேமிப்பில் சுமார் 660 ரூபாய் கூடுதல். அதே நேரம், ஓய்வுக்குப் பிறகு கிடைக்கும் வட்டி 7-லிருந்து 6 ஆகக் குறைந்தால் 25 வருடத்துக்கே 77.6 லட்சம் வேண்டும். ஐந்து வருட ஆயுளைவிட ஒரு சதவீத வட்டி கனமானது.

சென்னை, மென்பொருள்

9 சதவீதம் என்று ஏன் பயந்து பயந்து போடுகிறீர்கள்? நான் எஸ்.ஐ.பி. மூலம் பங்கு ஃபண்டில் போடுகிறேன், 12 சதவீதம் வருகிறது. அப்படிப் பார்த்தால் மாதம் 7,151 போதுமே. ஓய்வுக்குப் பிறகும் அதே ஃபண்டில் வைத்து மாதம் 50,000 எடுத்துக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை

12 வரலாம், வராமலும் போகலாம். ஒரு சின்னத் திருத்தம்: ஃபண்ட் கணக்கில் காட்டும் 12 சதவீதம் முழு வருடத்து வளர்ச்சி. அதை 12-ஆல் வகுத்து மாத வட்டி என்று போட்டால் விடை குறைவாக வரும். என்னுடைய 9 சதவீதத்தையும் முழு வருட வளர்ச்சியாக எடுத்துக்கொண்டால் 10,592 அல்ல, 11,074.

பெரிய சிக்கல் கடைசிப் பகுதியில் இருக்கிறது. 60-இல் 70 லட்சத்தோடு ஆரம்பித்து, முதல் இரண்டு வருடத்தில் சந்தை 30 சதவீதம் விழுந்தால், விழுந்த விலையில் யூனிட்களை விற்றுத்தான் மாதம் 50,000 எடுக்க வேண்டியிருக்கும். பிறகு சந்தை ஏறினாலும் ஏறுவதற்கு யூனிட் குறைவாகத்தான் இருக்கும். சேமிக்கும் காலத்தில் விழுந்தால் நன்மை, எடுக்கும் காலத்தின் தொடக்கத்தில் விழுந்தால் சேதம்.

சென்னை, மென்பொருள்

அதற்காக முழுப் பணத்தையும் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள் பென்ஷன் வாங்கவும் எனக்கு மனமில்லை. கொடுத்துவிட்டால் அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது கடினம்.

ஓய்வு பெற்ற அஞ்சல்காரர், நாகர்கோவில்

அதனால்தான் அரசுத் திட்டம் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை

ஐயா, உங்கள் 8.2 ஐந்து வருடத்துக்கு உறுதி. ஆனால் இதே திட்டம் 2019 தொடக்கத்தில் 8.7 கொடுத்தது, 2020 ஏப்ரலில் 7.4 ஆகிவிட்டது. 2028-இல் உங்கள் கணக்கு முதிரும்போது என்ன விகிதம் இருக்கும் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆயுள் பென்ஷனில் அந்தக் கவலை இல்லை, ஆனால் தஞ்சாவூர் சகோதரி சொன்ன கவலை இருக்கிறது. பாதியை அதிலும் பாதியை வெளியிலும் வைப்பது என் விருப்பம். இதில் என் பழைய சகாக்களே என்னோடு உடன்படுவதில்லை.

திருச்சி லேத் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. முகவரின் தாளை எடுத்துப் பார்த்தேன். வளர்ச்சி விகிதம் 15 சதவீதம் என்று கடைசி வரியில் இருக்கிறது, விலைவாசி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

11,000-ஐ ஒரே மூச்சில் ஆரம்பிக்க முடியாது. ஆடி, மார்கழியில் வேலை வராது. வருடம் 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் முதலில் எவ்வளவில் தொடங்கலாம்?

கணக்குப்பிள்ளை

9 சதவீதத்தில் முதல் வருடம் மாதம் சுமார் 7,400. இருபதாவது வருடம் அது 18,650 ஆகியிருக்கும். வேலை குறைந்த மாதத்தில் விட்டுப்போனதை வருடக் கடைசிக்குள் ஈடுகட்டினால் விடை பெரிதாக மாறாது.

திருச்சி லேத் பட்டறை

இன்னொரு கேள்வி. பட்டறையில் 25 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாமா?

செவிலியர், தஞ்சாவூர்

வருமான வரி கட்டாதவர் என்றால் சேரலாம் அண்ணா. 60-இல் 5,000 பென்ஷனுக்கு 25 வயதில் சேர்ந்தால் மாதம் 376. பிறகு அவன் மனைவிக்கும் அதே 5,000 வரும், அவர்களுக்குப் பின் வாரிசுக்கு 8.5 லட்சம். என் தம்பி சேர்ந்திருக்கிறான். ஆனால் 35 வருடம் கழித்து அந்த 5,000 எவ்வளவுக்குச் சமம் என்று அவனுக்கும் போட்டுக் காட்டுங்கள். 376-ஓடு அவன் நின்றுவிடக் கூடாது.