கோடை விழா வாரத்தில் விடுப்பு: மறுக்கவும் வேண்டும், மனம் கோணவும் கூடாது

அடிவாரத்தான்:
ஏற்காட்டில் ஒரு சிறிய விடுதியின் மேலாளராக இருக்கிறேன். அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவை மேற்பார்வை செய்யும் அக்கா, மே மாதக் கோடை விழா வாரத்தில் புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். ஆத்தூரில் அவருடைய தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். அவர் பிரிவில் இன்னொருவருக்கு அதே வாரத்தில் ஏற்கெனவே விடுப்புக் கொடுத்துவிட்டேன். எல்லா அறையும் முன்பதிவாகிவிட்டது. அவர் என்னைவிட வயதில் மூத்தவர். வேறு தேதி கொடுத்து எப்படி மறுப்பது?

கறார்பேர்வழி:
சுருக்கமாகச் சொல்லுங்கள். "விழா வாரத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை, ஜூனில் எடுத்துக்கொள்ளுங்கள்." இன்றே சொல்லிவிடுங்கள். காரணம் விளக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும், கடைசியில் நீங்கள்தான் துணி மடித்துக்கொண்டிருப்பீர்கள்.

மில்காரர்:
நூற்பாலையில் விடுப்புப் பதிவேட்டைப் பல வருடம் வைத்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். இன்றே சொல்லச் சொன்னது சரி. மற்றது சரியில்லை. "யாருக்கும் இல்லை" என்று சொல்ல முடியாது, ஒருவருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறார். அது அந்த அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஜூனில் போய் என்ன செய்வார்? பால் காய்ச்சி முடிந்த வீட்டை வேடிக்கை பார்ப்பாரா?

முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஐந்து நாளில் நகர்த்தவே முடியாத நாள் எது?" கிரகப்பிரவேசம் பெரும்பாலும் விடியற்காலை முகூர்த்தம். உடன்பிறந்தவள் முதல் நாள் இரவே அங்கே இருந்தாக வேண்டும். முகூர்த்தம் வியாழன் என்றால் புதனும் வியாழனும்தான் அசையாதவை. வெள்ளி முதல் ஞாயிறு வரை உறவினர்களோடு இருப்பதற்காகக் கேட்டிருப்பார். உங்களுக்கோ கூட்டம் ஏறுவதே வெள்ளி மதியத்திலிருந்து. ஆகவே நீங்கள் மறுக்க வேண்டியது ஐந்து நாளை அல்ல, மூன்று நாளைத்தான்.

மலைச்சாரல்:
நான் செவிலியர். எங்கள் மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டபோது "பார்க்கலாம்" என்றார். கிடைக்கும் என்று நினைத்துக் குடும்பத்துக்கே ரயில் டிக்கெட் எடுத்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் கொடுத்த தேதியையும் பிறகு ரத்து செய்தார். அதனால் மில்காரரிடம் ஒன்று கேட்கிறேன்: எந்த நாள் நகராது என்று கேட்பது குடும்ப விஷயத்தைத் துருவுவது ஆகாதா?

மில்காரர்:
துருவுவது வேறு, இது வேறு அம்மா. எதற்காக என்று நான் கேட்கச் சொல்லவில்லை, எந்த நாள் என்றுதான் கேட்கச் சொன்னேன். காரணம் சொல்ல விரும்பாதவரும் நாளைச் சொல்லிவிடுவார். ஆனால் உங்கள் இரண்டாவது அனுபவம்தான் முக்கியம். முதல் மறுப்பை மக்கள் மன்னித்துவிடுவார்கள், கொடுத்த மாற்றுத் தேதியைப் பறித்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அதனால் தேதியை வாயால் சொல்வதற்கு முன் இரண்டு பதிவேடுகளைத் திறக்க வேண்டும். ஒன்று பணி அட்டவணை: அந்த நாட்களில் அதே பிரிவில் வேறு யாராவது விடுப்பில் இருக்கிறார்களா? இன்னொன்று முன்பதிவு: கல்யாணக் கூட்டமோ, கல்லூரிச் சுற்றுலாவோ வருகிறதா? இரண்டிலும் தடையில்லாத தேதிகளாக இரண்டு தொகுதி எடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் அது கட்டளை. ஐந்தாறு கொடுத்தால் நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பிறகு தனியாகக் கூப்பிட்டு, நேரில் சொல்லுங்கள். இப்படி: "அக்கா, புதனும் வியாழனும் போய் வாருங்கள், அதை இப்போதே எழுதிவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்னால் கொடுக்க முடியவில்லை. எல்லா அறையும் நிறைந்திருக்கிறது, உங்கள் பிரிவில் ஏற்கெனவே ஓர் ஆள் குறைகிறது. அந்த மூன்று நாளுக்குப் பதிலாக விழா முடிந்த அடுத்த வாரம் திங்கள் முதல் புதன் வரை, அல்லது அதற்கடுத்த வாரம் அதே கிழமைகள். இரண்டையும் உங்களுக்காகச் சனிக்கிழமை மாலை வரை வைத்திருக்கிறேன்." அன்று மாலையே இதை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

கறார்பேர்வழி:
"ஓர் ஆள் குறைகிறது" என்றால் அந்த ஆள் யார் என்று மறுநாளே விடுதி முழுக்கத் தெரியும். முதலில் கேட்டவருக்கு முதலில் என்று விதியைப் பலகையில் எழுதிப் போடுங்கள். சண்டையே வராது. இன்னொன்று, மறுத்த விடுப்பு வருடக் கடைசியில் காலாவதியாகிவிடும். அதற்காக நிர்வாகம் இவ்வளவு வளைய வேண்டியதில்லை.

மில்காரர்:
கடைசியில் சொன்னது தவறு. நான் வேலையில் இருந்த காலத்தில், 1948 தொழிற்சாலைச் சட்டப்படி சேர்ந்த விடுப்பில் 30 நாள் வரைதான் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆனால் முறைப்படி கேட்டு மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த வரம்பே இருக்கவில்லை, முழுதாகக் கணக்கில் நின்றது. அதனால்தான் நாங்கள் மறுப்பையும் எழுத்தில் கொடுப்போம். விடுதிக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தாது, அங்கே உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுத்ததற்கு எழுத்து இருந்தால் இருவருக்குமே நல்லது.

மலைச்சாரல்:
முதலில் கேட்டவருக்கு முதலில் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜனவரியிலேயே மே மாதத்தை எழுதி வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லோருக்கும் இல்லை. முகூர்த்தம் குறிப்பது நம் கையிலா இருக்கிறது? இன்னொருவர் விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது என்பேன்.

கறார்பேர்வழி:
சொல்லாவிட்டால் பாரபட்சம் என்பார்கள்.

தாரமங்கலத்தான்:
எனக்கும் ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு விடுப்பு வேண்டும். மேலாளரிடம் எப்படிக் கேட்டால் கொடுப்பார்? மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்களே, எங்கள் பட்டறைக்கு மட்டும் ஏன் இல்லை?

மில்காரர்:
தம்பி, இங்கே பேச்சு மறுப்பதைப் பற்றி. உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான், தனியார் பட்டறையைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு நகராத நாள் எது என்று நீங்களே முதலில் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அடிவாரத்தான்:
அக்காவிடம் பேசிவிட்டேன். முகூர்த்தம் வியாழன்தான். புதன், வியாழன் என்றதுமே முகம் தெளிந்துவிட்டது. ஆனால் வெள்ளிக் காலை வேலைக்கு வருவதில் சிக்கல். ஆத்தூரிலிருந்து சேலம் வந்து, பிறகு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, விழாக் கூட்டத்தில் பஸ் பிடித்து வர வேண்டும். அதனால் வெள்ளியன்று மதியம் வந்தால் போதும் என்று சொன்னேன். காலையில் காலியாகும் அறைகளை நானும் சமையலறைத் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொரு கேள்வி. மாற்றுத் தேதியாக அவர் விழா முடிந்த உடனே வரும் திங்களைக் கேட்கிறார். விழாவை நீட்டித்தால்?

மில்காரர்:
அதுதான் நான் கவனிக்காத இடம். விழா நாட்களை முடிவு செய்வது மாவட்ட நிர்வாகம், கூட்டத்தைப் பார்த்து நீட்டிப்பதும் உண்டு. உங்கள் கையில் இல்லாத தேதியைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது வாரத்தை மட்டும் உறுதியாகக் கொடுங்கள். முதல் திங்கள் வேண்டும் என்றால், நீட்டித்தால் கிடைக்காது என்பதை இப்போதே சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கறார்பேர்வழி:
நிபந்தனையோடு கொடுக்கும் விடுப்பும் "பார்க்கலாம்" என்பதும் ஒன்றுதான். இரண்டாவது வாரம் என்று முடித்துவிடுங்கள்.

மலைச்சாரல்:
ஒன்றல்ல. எந்தக் காரணத்தால் போகக்கூடும் என்று தெரிந்தால் நான் டிக்கெட் எடுக்காமலாவது இருந்திருப்பேன். முடிவை அந்த அக்காவிடமே விடுங்கள்.

அடிவாரத்தான்:
அவரிடமே கேட்கிறேன். சனிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறேன்.