பொருள்: ‘நோயெதிர்ப்பு வீழ்படிவு’க்கு வேறு சொல் வேண்டும்

கலா, கடலூர்:
வணக்கம். படியெடுத்தல் காரணி ஒன்று மரபணுத்தொகை முழுவதிலும் எங்கெங்கே உட்காருகிறது என்று கண்டுபிடிக்கும் ‘குரோமாட்டின் இம்யூனோபிரெசிபிடேஷன்’ முறைக்கு, ‘குரோமாட்டின் நோயெதிர்ப்பு வீழ்படிவு’ என்று எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்தால், “இது எந்த நோய்க்கான டெஸ்ட் டீச்சர்?” என்கிறார்கள்.

இளங்கோ, லாஸ்பேட்டை:
எல்லோரும் ‘சிப்’ என்றுதானே சொல்கிறார்கள்? சிப் என்றால் சில்லு. ‘குரோமாட்டின் சில்லு’, முடிந்தது வேலை.

மெர்சி, காலாப்பட்டு:
இளங்கோ, அந்த சிப் வெறும் முதலெழுத்துச் சுருக்கம். ஆனால் சில்லுக்கும் இதில் ஒரு காலத்தில் இடம் இருந்தது. கிடைத்த டிஎன்ஏ எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கண்ணாடிச் சில்லில் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். 2007 வாக்கில் நேரடியாக வரிசைப்படுத்திப் படிக்கத் தொடங்கியபின் அது ஒதுங்கிவிட்டது.

கலா கேட்டதற்கு வருகிறேன். இங்கே நோயும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. உயிருள்ள செல்லில் 1% ஃபார்மால்டிஹைடு ஊற்றி 10 நிமிடம் வைத்தால், காரணி உட்கார்ந்த இடத்திலேயே டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். கிளைசின் போட்டு அதை நிறுத்துவோம். அப்புறம் ஒலியலையால் டிஎன்ஏவை 200 முதல் 500 எழுத்து நீளத் துண்டுகளாக உடைப்போம். அந்தக் காரணியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, காந்தமணிகளால் இழுப்போம். எதிர்ப்பொருள் ஒரு தூண்டில், அவ்வளவுதான். காரணி மாட்டினால் அது பிடித்திருக்கும் டிஎன்ஏ துண்டும் கூடவே வரும். பிறகு 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்து ஒட்டைப் பிரித்து, டிஎன்ஏவைப் படிப்போம்.

சண்முகம், திருப்பாதிரிப்புலியூர்:
மெர்சிம்மா, நான் லேபில் வைடால் டெஸ்ட் போட்டே ஓய்வு பெற்றவன். எதிர்ப்பொருள் சேர்ந்தால் திரண்டு அடியில் படியும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘வீழ்படிவு’ சரியான சொல்தான். அதை மாற்றாதீர்கள்.

மெர்சி:
ஐயா, வைடாலில் திரள்வதுதான் விடை. இங்கே காரணி இருப்பதே கொஞ்சம், தானாகத் திரண்டு விழாது. மணி பிடித்து இழுத்தால்தான் வரும். பழைய பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அருண், வில்லியனூர்:
அக்கா, சொல் விவாதத்துக்கு நடுவே என் கதை. எங்கள் காரணி உட்காரும் என்று தெரிந்த இடத்தில் பிசிஆர் சுற்று 25. அங்கிருந்து 800 எழுத்து தள்ளி, ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் 25.3. எதற்கும் ஒட்டாத சாதா எதிர்ப்பொருளுக்கு 31. எதிர்ப்பொருள் சேர்க்கும் முன் எடுத்துவைத்த 1% பங்குக்கு இரண்டு இடத்திலும் 27. எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா? நன்றாக ஒட்டட்டும் என்று ஃபார்மால்டிஹைடில் 30 நிமிடம் வைத்திருந்தோம்.

மெர்சி:
எதிர்ப்பொருள் மேல் பழி போடாதே தம்பி. 1% பங்கை நூறு மடங்காக்க, 27இலிருந்து 6.64 கழி, 20.36 வரும். 25க்கும் அதற்கும் இடைவெளி 4.64 சுற்று. ஒரு சுற்றுக்குப் பாதி என்று குறைத்துக்கொண்டே போனால், மொத்தத்தில் சுமார் 4% கிடைத்திருக்கிறது. சாதா எதிர்ப்பொருளில் 0.06% தான். தூண்டில் நன்றாகவே வேலை செய்கிறது.

800 எழுத்து தள்ளியும் 3%க்கு மேல் வருகிறது என்றால், என் சந்தேகம் துண்டின் நீளத்தில். அளவுக்கு மீறி ஒட்டவைத்தால் ஒலியலைக்கு உடையாது. துண்டு 2000 எழுத்து இருந்தால் பக்கத்து இடமும் சேர்ந்தே ஏறிவரும். உடைத்ததில் கொஞ்சம் எடுத்து, ஒட்டைப் பிரித்து, அகரோஸ் ஜெல்லில் ஓட்டு. மேலேயே தேங்கி நின்றால் அதுதான் காரணம். வேறொரு குரோமோசோமில் காரணி உட்காராத இடத்தையும் அளந்து பார். அங்கேயும் 3% வந்தால் நான் சொன்னது தப்பு. கழுவல் போதவில்லை, இல்லை எதிர்ப்பொருள் கண்டதையும் பிடிக்கிறது.

கலா:
அப்போது ஒட்டவைப்பதுதானே உயிர்நாடி? பெயரில் ‘பிணைப்பு’ வர வேண்டாமா?

மெர்சி:
வேண்டாம். ஹிஸ்டோன் டிஎன்ஏவை இறுகப் பிடித்திருப்பதால், அதற்கு ஒட்டவைக்காமலே செய்பவர்கள் உண்டு. பெயரில் போட்டால் அவர்கள் வெளியே நிற்பார்கள். ‘குரோமாட்டின் எதிர்ப்பொருள்வழி இழுத்தெடுப்பு’ என் முன்மொழிவு.

இளங்கோ:
நீளம்! யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சரி, அந்த 1% பங்குக்கு ‘உள்ளீடு’ போடலாமா?

மெர்சி:
எங்கும் உள்ளே இடுவதில்லையே. எதிர்ப்பொருள் தொடாத பங்கு அது. திறந்து கிடக்கும் குரோமாட்டின் சுலபமாக உடைந்து, காரணி இல்லாமலே அதிகமாக எண்ணப்படும். அதைக் கழிக்கத்தான் இந்தப் பங்கு. ‘ஒப்பீட்டுப் பங்கு’ பரவாயில்லை.

சண்முகம்:
இழுத்தெடுப்பு என்றால் பல் பிடுங்குவது மாதிரி இருக்கிறது. என் ஓட்டு இன்னும் வீழ்படிவுக்குத்தான்.

கலா:
‘நோயெதிர்ப்பு’ போய் ‘எதிர்ப்பொருள்வழி’ வருகிறது, இது உறுதி. பின்பாதிக்கு ‘பிரித்தெடுப்பு’, ‘இழுத்தெடுப்பு’ இரண்டையும் அச்சுக்குப் போகும்வரை வைத்திருக்கிறேன். அருண், ஜெல் படம் வந்ததும் அனுப்புங்கள்.