பழைய தேர்வுக் கோப்புகளைப் பதிவறைக்கு அனுப்பணும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் துறை அலுவலக வேலை பார்க்கிறேன். பழைய உள்மதிப்பீட்டுத் தேர்வுக் கோப்புகளை ஏப்ரல் 30-க்குள் பதிவறைக்கு அனுப்பிவிடுங்கள் என்று துறைத்தலைவர் கடிதம் கொடுத்திருக்கிறார். எது பழையது என்று அதில் இல்லை. அங்கேதான் சிக்கல்.

பீரோவில் எல்லாம் தேர்வு நடந்த ஆண்டு வாரியாக இருக்கிறது. கேட்டு வருகிற மாணவர்களோ சேர்ந்த ஆண்டைத்தான் சொல்கிறார்கள். போன வாரம் 2019-இல் சேர்ந்த ஒரு பையன் வந்தான். ஒரு தாள் அரியர், உள்மதிப்பெண்ணைச் சரிபார்க்க வேண்டும். அவனுடைய மதிப்பெண் பட்டியல் 2020–21 கோப்பில், விடைத்தாள் கட்டுக்கு நடுவே கிடந்தது. குண்டூசி துருப்பிடித்து அவன் பதிவெண் மேலேயே பழுப்புக் கறை. விடைத்தாளோடு சேர்த்துக் கழித்திருந்தால் அவனுக்குக் காட்ட வேறு ஆதாரமே இல்லை.

அதனால் மதிப்பெண் பட்டியல்களை முதலில் தனியே பிரித்து, குண்டூசியை எடுத்துவிட்டு நூல் கட்டப் போகிறேன். விடைத்தாள்கள் வேறு கட்டு. மேலட்டையில் சேர்ந்த ஆண்டு, பருவம், பாடக் குறியீடு, எந்தப் பதிவெண் முதல் எதுவரை என்று எழுதலாம். சரி, இதுவரை தெளிவு.

அரியர் பாக்கி உள்ளவர்களின் பட்டியல்களை அவர்கள் முடிக்கும்வரை துறையிலேயே வைப்பீர்களா, நகல் எடுத்துக்கொண்டு அசலை அனுப்புவீர்களா? அப்புறம், விடைத்தாளை எப்போது கழிக்கலாம் என்று உங்கள் கல்லூரியில் யார் எழுதித் தருகிறார்கள்? துறைத்தலைவரா, தேர்வுக் கட்டுப்பாட்டாளரா? ஒப்படைப்புப் பட்டியல் மாதிரி இருந்தால் அனுப்புங்கள், திங்கள்கிழமை வேலையை ஆரம்பிக்கிறேன்.