எட்டாம் மாதக் கணக்கு

தென்றல்77: கிளவுடில் வாடகைக்கு எடுத்து மாதம் முழுவதும் நிற்காமல் ஓட்டும் 10 சர்வர்கள் எங்களிடம் உள்ளன. ஓடும் நேரத்துக்கு மட்டும் கட்டும் ஆன்-டிமாண்டில் ஒன்றுக்கு மாதம் 100 டாலர். ஓராண்டு கமிட்மென்ட் எடுத்தால் 65. எடுக்கலாமா?

முகில்வாசி: வேண்டாம். நடுவில் சர்வர் தேவைப்படாமல் போனாலும் பன்னிரண்டு மாதப் பணத்தையும் கட்டியே ஆக வேண்டும்.

கணக்கன்: இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. ஓராண்டுக் கமிட்மென்ட் ஒரு சர்வருக்கு 780 டாலர். ஆன்-டிமாண்டில் எட்டு மாதம் ஓட்டினாலே 800 ஆகிவிடும். ஆகவே எட்டாம் மாத முடிவில் சர்வரை அணைத்துவிட்டு, மீதி நான்கு மாதம் வெறுமனே பணம் கட்டினாலும் நட்டமில்லை.

முகில்வாசி: ஐந்தாம் மாதம் அணைத்தால்? எங்களுக்கு அதுதான் நடந்தது. 500 டாலரோடு முடிந்திருக்க வேண்டியதற்கு 780 கட்டினோம். ஆறு சர்வர்களுக்கு 1,680 டாலர் தண்டம். கணக்குப் புலவர் இதற்கும் ஒரு வாய்பாடு வைத்திருப்பார்.

கணக்கன்: அணைத்தீர்கள் சரி, அந்த வேலை எங்கே போனது?

முகில்வாசி: புதிய தலைமுறை சர்வர்களுக்கு மாற்றினோம்.

கணக்கன்: அப்படியானால் உங்களைக் கடித்தது கமிட்மென்ட் அன்று, ஒரே சர்வர் வகையோடு கட்டிப்போடும் கமிட்மென்ட். அமேசானின் கம்ப்யூட் சேவிங்ஸ் பிளானில் மணிக்கு இவ்வளவு செலவழிப்பேன் என்று மட்டுமே உறுதி தருகிறோம். சர்வர் வகையை மாற்றினாலும் தள்ளுபடி கூடவே வரும். அதற்காகத் தள்ளுபடியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரவுப்பணி: எங்கள் சர்வர்கள் வேலை நாள்களில் 10 மணி நேரம் மட்டுமே ஓடுகின்றன. கமிட்மென்ட் எடுத்து நாங்களும் ஏமாந்தோம்.

கணக்கன்: கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதினால் நன்றாக இருக்கும். வாரத்தின் 168 மணியில் உங்களுடையது 50 மணிதான் ஓடுகிறது. 65 விழுக்காட்டு நேரமாவது ஓடாத சர்வருக்கு இந்தத் தள்ளுபடியில் ஆன்-டிமாண்டே மலிவு.

இரவுப்பணி: சென்ற மாதம் டேட்டாபேஸ் இழையிலும் இதே தோரணையில்தான் பேசினீர்கள்.

கணக்கன்: அங்கும் கேள்வியைப் படிக்காமல்தான் வந்தீர்கள். தென்றல், ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தப் பிளானில் மணிக்கு எவ்வளவு என்று நிரப்பும் தொகை தள்ளுபடி போன பிறகான விலையில் இருக்க வேண்டும். மாதத்துக்கு 730 மணி என்று வைத்தால், உங்கள் இப்போதைய செலவு மணிக்கு 1.37 டாலர், தள்ளுபடிக்குப் பின் 0.89. பலர் பில்லைப் பார்த்து 1.37 என்றே நிரப்பிவிடுகிறார்கள். அப்போது மணிதோறும் 0.48 டாலர் பயன்படாமல் போகும். ஒரு மணியில் மிஞ்சியது அடுத்த மணிக்குச் சேராது. மாத முடிவில் அதே 1,000 டாலரைக் கட்டிவிட்டு, தள்ளுபடி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தென்றல்77: நீங்கள் சொல்லாவிட்டால் நானும் 1.37 என்றே நிரப்பியிருப்பேன். பத்தில் மூன்று சர்வர்கள் நிலைக்குமா என்று தெரியவில்லை.

கணக்கன்: அப்படியென்றால் ஏழுக்கு மட்டும் எடுங்கள், 0.62 என்று நிரப்புங்கள். அந்த மூன்றும் எட்டு மாதத்தைத் தாண்டுமா என்பதை மட்டும் யோசியுங்கள்.

முகில்வாசி: மறுபடியும் எட்டு மாதம். ஐந்தாம் மாதத்தில் வேலையே நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்கன்: உங்கள் வேலை நிற்கவில்லை, இடம்தான் மாறியது. உங்கள் பதிலைத்தான் மேலே படித்தேன்.