0.75 சரியாக 18:00 வருகிறது, 0.58 மட்டும் ஏன் 13:55?

அம்பத்தூர்க்காரன்: சின்ன பட்டறை ஒன்றில் ஷிப்ட் ஷீட் போடுகிறேன். பழைய சாப்ட்வேரிலிருந்து எடுத்த சிஎஸ்வி ஃபைலில் நேரமெல்லாம் 0.25, 0.58, 0.75, 0.92 என்று வந்திருக்கிறது. எக்செலில் hh:mm கொடுத்தால் 0.25 காலை 06:00, 0.75 மாலை 18:00. ஆனால் இரண்டு மணி ஷிப்ட் 13:55 என்றும், பத்து மணி ஷிப்ட் 22:04 என்றும் காட்டுகிறது. இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் கேண்டீன் வரைக்கும் சிரிப்பார்கள்.

மாம்பலம் மாமா: 24-ஆல் பெருக்குங்க தம்பி. 0.75 × 24 = 18. அவ்வளவுதான்.

அம்பத்தூர்க்காரன்: பெருக்கினேன் சார். 0.58-க்கு 13.92 வந்தது. அதே hh:mm-இல் இப்போது 22:04 என்கிறது! மதிய ஷிப்டே ராத்திரிக்குப் போய்விட்டது.

ஓட்டி கணக்கு: எங்களுக்கு 0.75 என்றால் 45 நிமிடம். 8.75 என்றால் எட்டே முக்கால் மணி நேரம்.

செல் பார்ப்பவர்: அது மணிக்கணக்கு, இவருடையது நாள்கணக்கு, இரண்டும் வேறு. மாமா சொன்ன பெருக்கல் தப்பில்லை, ஆனால் வருவது வெறும் எண். அதற்கு நேர பார்மட் கொடுத்தால் எக்செல் 13 நாளைத் தள்ளிவிட்டு மிச்சம் 0.92-ஐ மட்டும் காட்டும்.

உங்கள் கோளாறு வேறு. மதியம் 2 மணி என்பது 0.583333 என்று நீண்டுகொண்டே போகும். யாரோ இரண்டு தசமத்துக்கு வட்டமிட்டுவிட்டார்கள். 0.25-உம் 0.75-உம் இரண்டே இலக்கத்தில் முடிவதால் தப்பித்தன. ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், அங்கேயும் 0.58 என்றே இருந்தால் மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான்.

ஷிப்ட் நேரங்கள் கால் மணிக் கணக்கில் இருந்தால் மீட்டுவிடலாம். ஒரு நாளில் 96 கால் மணி இருக்கிறது:

```
=ROUND(A2*96,0)/96
```

0.58 × 96 = 55.68. அது 56 ஆகி, 14:00 வரும். 0.92 அப்படியே 22:00-க்கு வரும். இரண்டு தசமத்துக்கு வட்டமிட்டால் அதிகபட்சம் 7 நிமிடம் 12 விநாடிதான் பிசகும்; கால் மணியில் பாதி ஏழரை நிமிடம். அதனால் பக்கத்துக் கால் மணிக்குத் தாவாது.

அம்பத்தூர்க்காரன்: வந்துவிட்டது அண்ணா! ஆனால் ராத்திரி 22:00 முதல் 06:00 வரை எத்தனை மணி நேரம் என்று கழித்தால் கட்டம் முழுக்க ##### தான்.

செல் பார்ப்பவர்: நள்ளிரவைத் தாண்டுவதால் விடை மைனஸில் போகிறது. வட்டமிட்ட நேரங்கள் B2, C2-இல் இருந்தால்:

```
=MOD(C2-B2,1)
```

8:00 வரும். மாதக் கூட்டலுக்கு [h]:mm போடுங்கள், இல்லாவிட்டால் 24 மணிக்கு மேல் காட்டாது.

அம்பத்தூர்க்காரன்: அதே ஃபைலில் பஞ்ச் நேரமும் இருக்கிறது. ஒருவருக்கு 0.26. அதற்கும் இந்த 96-ஏ போதுமா?

செல் பார்ப்பவர்: கூடவே கூடாது. 6:08-க்கு வந்தவரும் 6:21-க்கு வந்தவரும் அதே 0.26 தான். அதை வைத்து யாருக்கும் லேட் போடாதீர்கள். மெஷினிலிருந்தே மறுபடி எடுக்க முடியுமா?

அம்பத்தூர்க்காரன்: மெஷினைப் போன மாதம்தான் மாற்றினார்கள். பழையது ஸ்டோரில் கிடக்கிறதா என்று திங்கட்கிழமை பார்க்கிறேன்.