ஒரே ஷாஃப்டில் டேப்பரும் மரையும்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கப்பலூர் டர்னர்

நம்மிடம் இருப்பது ஆறடி பழைய லேத். லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. டேப்பர் அட்டாச்மென்ட் கிடையாது. ஒரு மில்லில் இருந்து தேய்ந்த ரோலர் ஷாஃப்டை மாதிரிக்குக் கொடுத்து, அதே மாதிரி மூணு வேணும் என்றார்கள். மொத்த நீளம் 400 மி.மீ. தடித்த பக்கம் 40 மி.மீ. விட்டம். அதிலிருந்து 200 மி.மீ. நீளத்துக்கு டேப்பர் இறங்கி 36 மி.மீ. ஆகிறது. சின்ன நுனியில் 45 மி.மீ. நீளத்துக்கு எம் 24, பிட்ச் 3. ரோலர் டேப்பரில் ஏறி உட்கார, நட்டு அதை இறுக்கிப் பிடிக்கணும்.

காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பி ஓட்டலாம் என்று பார்த்தால் அது முழுசா ஓடினாலே நூறு மி.மீ.தான். டெயில் ஸ்டாக்கைத் தள்ளித்தான் செய்யணும். மரையையும் அதே செட்டிங்கிலேயே போட்டுவிடலாமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்க.

ஒத்தக்கடை லேத் பட்டறை

காம்பவுண்டிலேயே முடியும் அண்ணே. பாதி வரை ஓட்டி, கேரேஜை நகர்த்தி மீதியை ஓட்டுங்க. நான் ரெண்டு தடவையா எடுத்து ஒட்ட வைத்திருக்கிறேன். டூல் சரியா சென்டர் உயரத்தில் இருக்கணும், அதுதான் முக்கியம். உயரம் தப்பினால் டேப்பர் நடுவில் குழிவு விழும். புளூ தடவிப் பார்த்தால் ரெண்டு நுனியில் மட்டும் படும்.

புதூர் பழைய டர்னர்

தம்பி சொன்ன டூல் உயர விஷயம் உண்மைதான், ஆனால் இந்த வேலைக்கு அது பெரிய ஆபத்தில்லை. சாய்வு செங்குத்தாக ஏறுகிற டேப்பரில்தான் அந்தக் குழிவு கண்ணுக்குத் தெரியும். இங்கே 200 மி.மீ.க்கு 4 மி.மீ.தான் இறங்குகிறது, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. டூல் ஒரு மி.மீ. கீழே இருந்தாலும் குழிவை மைக்ரோமீட்டரில் பிடிக்க முடியாது. கிட்டத்தட்ட உருளை மாதிரியான டேப்பர் இது.

ரெண்டு துண்டாய் எடுத்து ஒட்ட வைப்பது எனக்குப் பிடிக்காது. ஒட்டிய இடத்தில் ஒரு கோடு நிற்கும். எமரித் தாள் போட்டு அதை மறைத்தாலும் ரோலர் உட்காரும்போது அங்கேதான் முதலில் உரசும். போதாக்குறைக்கு கையால் சுற்றும் ஸ்லைடில் ஃபினிஷ் ஒரே சீராய் வராது. ஐம்பது, அறுபது மி.மீ. நீளமுள்ள செங்குத்தான டேப்பர் என்றால் நானும் காம்பவுண்டைத்தான் எடுப்பேன். அதில் எந்தக் கோணமும் வைக்கலாம், சக்கிலேயே வேலையைப் பிடிக்கலாம், உள் டேப்பரும் எடுக்கலாம்.

இங்கே டெயில் ஸ்டாக்தான் சரி. எவ்வளவு தள்ளணும் என்றால், விட்ட வித்தியாசத்தில் பாதி 2 மி.மீ. அது 200 மி.மீ. டேப்பருக்கு. வேலையின் மொத்த நீளம் 400 என்பதால் 4 மி.மீ. தள்ளணும். சின்ன நுனி டெயில் ஸ்டாக் பக்கம் வருவதால் உங்கள் பக்கம் தள்ளணும்.

கணக்கில் மொத்த நீளம் வருவதைக் கவனியுங்க. மூணு ஷாஃப்டும் ஒரே நீளம் இல்லை என்றால் மூணுக்கும் ஒரே செட்டிங் ஒத்துவராது. ஒன்று 396 இருந்தால், அதே 4 மி.மீ. தள்ளலில் 200 மி.மீ.க்கு 4.04 இறங்கும். அந்த 0.04 புளூவில் தெரியும். அதனால் முதலில் மூணையும் ஒரே நீளத்துக்கு ஃபேஸ் பண்ணி, சென்டர் குழியையும் ஒரே ஆழத்துக்குப் போட்டுக்கொள்ளுங்க.

கப்பலூர் டர்னர்

நன்றி அண்ணே. டெயில் ஸ்டாக் பின்பக்கம் உள்ள கோட்டை நம்பலாமா? ஒரு பக்கம் சக்கில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் மட்டும் சென்டர் கொடுத்தால் போதுமா?

புதூர் பழைய டர்னர்

சக்கில் பிடிக்கவே கூடாது. சக் ஷாஃப்டை நேராகப் பிடிக்கும், டெயில் ஸ்டாக் அதை இழுக்கும், நடுவில் ஷாஃப்ட் வளையும். வளைந்தபடி கடைந்தால் டேப்பர் நேராக வராது. ரெண்டு பக்கமும் சென்டர், ஓட்டுவதற்கு டாக். வேறு வழி இல்லை. சென்டர் குழியில் சாதாரண முனை ஒரு விளிம்பில் மட்டும்தான் உட்காரும். உருண்டை முனை சென்டர் இருந்தால் போடுங்க. இல்லையென்றால் கிரீஸ் வைத்து, அடிக்கடி இறுக்கம் பாருங்க. குழி ஒரு பக்கமாய்த் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும்.

பின்பக்கக் கோடு தோராயத்துக்குத்தான். டயலை டூல் போஸ்ட்டில் கட்டி, ஷாஃப்டை முதலில் முழுக்க 40க்கு நேராகக் கடைந்துகொள்ளுங்க. அப்புறம் டெயில் ஸ்டாக்கைத் தள்ளிவிட்டு, டயல் முனையை சென்டர் உயரத்தில் ஷாஃப்டில் படவைத்து கேரேஜை 100 மி.மீ. ஓட்டுங்க. டயல் சரியாக 1 மி.மீ. நகரணும். அதற்குக் குறைந்தால் இன்னும் தள்ளுங்க, கூடினால் குறையுங்க. வெட்டிப் பார்த்து, அளந்து, திரும்ப வெட்டுவதைவிட இதில் நேரம் மிச்சம்.

இப்போது மரை. நீங்க கேட்டது போல அதே செட்டிங்கில் போட்டால் மரையும் டேப்பராகத்தான் வரும். 45 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.9 மி.மீ. மாறிவிடும். நட்டு நுனியில் லேசாய் ஏறி, நாலைந்து சுற்றில் இறுகி நின்றுவிடும். ரோலர் இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள், அது இறுகியே இருக்காது. அதனால் டெயில் ஸ்டாக் நேராய் இருக்கும்போதே மரையை முடித்துவிடுங்க. டேப்பர் கடைசி. சென்டர் குழி கெடுவதென்றால் டேப்பர் எடுக்கும்போதுதான் கெடும், அதற்குள் மரை முடிந்திருக்கட்டும்.

திருமங்கலம் போர்வெல்

எனக்கு டேப்பர் மரையே வேணும்! ஒன்றரை அங்குல பைப்புக்குக் குட்டை நிப்பிள் போடணும், பதினாறுக்கு ஒன்று டேப்பர். நீங்க சொல்லும் கணக்கில் டெயில் ஸ்டாக்கைத் தள்ளினால் தண்ணி கசியாமல் பிடிக்குமா?

புதூர் பழைய டர்னர்

நீங்க கேட்பது வேறு வேலை, ஆனாலும் சொல்கிறேன். சாதாரண அளவு நிப்பிள் என்றால் பைப் டையிலேயே போட்டுவிடுங்க, லேத் எதற்கு? டையில் வராத அளவு என்றால் மட்டும் இப்படி. நிப்பிள் 150 மி.மீ. என்றால் சுமார் 4.7 மி.மீ. தள்ளல் வரும். பைப் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் அடைப்பு போட்டு, அதில் சென்டர் குழி போடணும். அடைப்போடு சேர்த்து நீளம் கூடினால், அந்தக் கூடின நீளத்தைத்தான் கணக்கில் எடுக்கணும்.

55 டிகிரி டூலை பைப்பின் அச்சுக்கு நேர்குத்தாய் வையுங்க, டேப்பர் முகத்துக்கு அல்ல. இதில்தான் பல பேர் தப்புவார்கள். மரை ஒரு பக்கம் சாய்ந்து, சாக்கெட்டில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்.

ஒத்தக்கடை லேத் பட்டறை

கப்பலூர் அண்ணே, மரை போடும்போது ஒவ்வொரு கட்டுக்கும் ஹாஃப் நட்டை எடுத்துவிட்டு, மரை டயலில் அதே எண் வந்ததும் போடுங்க. நான் எப்போதும் அப்படித்தான். ரிவர்ஸ் அடித்து அடித்து மோட்டார் சூடாவதுதான் மிச்சம்.

புதூர் பழைய டர்னர்

அங்குல மரைக்கு அது சரி தம்பி. நாலு மரை லீட் ஸ்க்ரூவில் 8, 12, 16 என்றால் டயலைக்கூடப் பார்க்க வேண்டாம், எங்கே போட்டாலும் விழும். இது மெட்ரிக். லீட் ஸ்க்ரூ பிட்ச் 6.35, நீங்க போடுவது 3. ரெண்டும் ஒத்துப்போவது 381 மி.மீ.க்கு ஒரு தடவைதான். டயலில் அதே எண் வந்தாலும் டூல் பழைய பள்ளத்தில் விழாது, பக்கத்தில் புதுப் பள்ளம் வெட்டும். மெட்ரிக் மரையில் கடைசிக் கட் முடியும்வரை ஹாஃப் நட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு கட்டு முடிவிலும் டூலை வெளியே இழுத்து, லேத்தை ரிவர்ஸில் ஓட்டித் திரும்ப வாங்க. மரை முடியும் இடத்தில் ஒரு அண்டர்கட் போட்டுக்கொண்டால் டூலை இழுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பதற வேண்டியதில்லை.

கியர் என்ன இருக்கிறது உங்களிடம்?

கப்பலூர் டர்னர்

127 பல் கியர் இல்லை அண்ணே. லேத்தோடு வந்தது எப்போதோ காணாமல் போயிருக்கிறது. 63, 80, 30, 50 எல்லாம் இருக்கிறது.

புதூர் பழைய டர்னர்

127 இருந்தால் 60க்கு 127 என்று நேரா முடிந்திருக்கும். பரவாயில்லை. 63ஐ ஓட்டும் கியராகப் போட்டு 80ஐச் சுழற்றுங்க, அதே தண்டில் 30 போட்டு 50க்குக் கொடுங்க. எட்டாயிரத்தில் ஒரு பங்கு பிசகு வரும். 45 மி.மீ. மரைக்கு அது ஒன்றுமே இல்லை, நட்டுக்குத் தெரியாது. ஒரு மீட்டர் நீள ஸ்க்ரூ என்றால் யோசிக்கலாம். முதலில் டூல் முனையால் ஒரு கீறல் மட்டும் போட்டு, பத்து மரைக்கு 30 மி.மீ. வருகிறதா என்று வெர்னியர் வைத்துப் பாருங்க. கியர் மாறிப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மேலூர் சிஎன்சி

3 பிட்ச் பெரிய மரை. டூலை நேரா உள்ளே இறக்கினால் ரெண்டு முகமும் ஒரே நேரத்தில் வெட்டி அதிரும். காம்பவுண்டை 29½ டிகிரிக்குத் திருப்பி ஒரு முகத்தால் வெட்டுங்க. மெஷினிலும் நாங்க பக்கவாட்டு ஃபீடுதான் கொடுக்கிறோம்.

புதூர் பழைய டர்னர்

பழைய லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடே ஆடும்போது அதைத் திருப்பி வைத்து வெட்டினால் டூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜிப்பை இறுக்கிவிட்டு நேரா இறக்கி, முதலில் கொஞ்சம் ஆழமாகவும், போகப்போகக் குறைத்தும் வெட்டுவதுதான் என் பழக்கம். மொத்த ஆழம் 1.84 மி.மீ. கடைசி ரெண்டு கட் சும்மா உரசிப் போகணும்.

மேலூர் சிஎன்சி

ஜிப்பை அந்த அளவு இறுக்க முடியும் என்றால் திருப்பி வைத்தும் வெட்டலாமே அண்ணே. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கப்பலூர் டர்னர்

முதல் ஷாஃப்ட் முடிந்தது. டயலில் முதலில் 0.93தான் காட்டியது, பின்பக்கக் கோடு சரியாகவே இருந்தும். தள்ளி ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். மில்லில் இருந்து வந்த ரோலரில் புளூ தடவிப் பார்த்தேன். தடித்த பக்கம் நன்றாய்ப் பட்டது, சின்ன பக்கம் லேசாய்த்தான் பட்டது. நட்டு கடைசிவரை கையால் ஏறுகிறது. ரோலர் உள்பக்கமும் தேய்ந்திருக்குமோ என்று சந்தேகம். மாதிரி ஷாஃப்டை வைத்துப் பார்த்தாலும் அதே மாதிரிதான் படுகிறது.

புதூர் பழைய டர்னர்

பழைய ஷாஃப்டும் தேய்ந்தது, ரோலரும் தேய்ந்தது. தேய்ந்த ரெண்டை வைத்து மூன்றாவதை எடைபோட முடியாது. மில்காரரிடம் புது ரோலர் ஒன்று கேட்டு வாங்குங்க. அதுவரை மற்ற ரெண்டிலும் மரையை மட்டும் முடித்துவிட்டு, டேப்பரில் அரை மி.மீ. பொருள் விட்டு வையுங்க.

திருமங்கலம் போர்வெல்

என் நிப்பிளுக்கு 11 மரை. அந்த 63 கியர் எனக்கும் வேணுமா?

புதூர் பழைய டர்னர்

வேண்டாம், உங்களுடையது அங்குல மரை. உங்க லீட் ஸ்க்ரூவும் நாலு மரை என்றால் 20 ஓட்டி 55 சுழன்றால் போதும். உங்க லேத்தில் 55 பல் கியர் இருக்கிறதா என்று முதலில் பாருங்க.