சரக்கு விற்ற பிறகு வரும் பில்: சராசரி விலையை எப்படி மாற்றுவது?

வணக்கம். எங்கள் ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப் 100 இருந்தது, சராசரி அடக்கவிலை ரூ.200. அப்புறம் 50 பைப் வந்தது. பில் வராததால் ஆர்டர் விலையான ரூ.230 போட்டு வரவு வைத்தோம், சராசரி ரூ.210 ஆனது. அதில் 120 விற்றுவிட்டது. இப்போது பில் ரூ.260 என்று வந்திருக்கிறது (ஜிஎஸ்டி தனி).

வித்தியாசம் ரூ.1,500. சாஃப்ட்வேர் அதை முழுக்க மீதமுள்ள 30 பைப் மேல் ஏற்றி, சராசரியை ரூ.260 ஆக்குகிறது. பழைய சரக்கும் கலந்திருக்க, இது எப்படிச் சரியாகும்? முதலிலேயே பில் வந்திருந்தால் ரூ.220தானே. அந்தக் கணக்கில் ரூ.300 இருப்புக்கும், ரூ.1,200 விற்ற சரக்கின் அடக்கத்துக்கும் போக வேண்டும்.

விற்பனை நடந்த மாதத்தின் கணக்கை முடித்துவிட்டோம். அந்த 1,200-ஐ இந்த மாதச் செலவில் எழுதுவீர்களா, பழைய வரவைத் திருத்தி மறுபடி கணக்கிட விடுவீர்களா?